அமெரிக்க 401(k) பணத்துக்கு இந்தியாவில் எப்போது வரி, எவ்வளவு வரி?

கேள்வி: எச்-1பி விசாவில் அமெரிக்காவில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கிரீன் கார்டு வரவில்லை. 2023 ஜூன் 10 அன்று குடும்பத்தோடு இந்தியா வந்து சேர்ந்தேன், இனி திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. அதற்கு முன்பு கொரோனா ஆண்டு தவிர மற்ற ஆண்டுகளில் மூன்று, நான்கு வாரம் லீவில் வந்து போனதுண்டு. இப்போது வயது 48. பழைய நிறுவனத்தின் 401(k) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் இரண்டு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே கிடக்கிறது. மொத்தமாக எடுத்துவிடு என்கிறார் ஒரு நண்பர். எடுக்கவே எடுக்காதே, 30 சதவீதம் போய்விடும் என்கிறார் இன்னொருவர். ஐஆர்ஏ என்ற தனிநபர் ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று கணக்கைப் பராமரிக்கும் நிர்வாக நிறுவனம் கடிதம் மேல் கடிதம் போடுகிறது. 2025-26ஆம் ஆண்டுக்கான ரிட்டர்னில் இதைக் காட்ட வேண்டுமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பணத்தை இப்போது எடுக்காதீர்கள். புதிதாக ஐஆர்ஏ கணக்கும் திறக்காதீர்கள். 2026 ஜூலை 31க்குள் ரிட்டர்ன் போடுவதற்கு முன் Form 10-EE என்ற படிவத்தை வருமான வரி இணையதளத்தில் தாக்கல் செய்யுங்கள். இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், வரிசையாகவே பார்ப்போம்.

முதலில் நீங்கள் வரிச் சட்டத்தின் கண்ணில் யார் என்பது. நாடு திரும்பியவர்கள் பலரும் ‘மூன்று வருடம் கவலையில்லை’ என்று பொதுவாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சட்டத்தில் அப்படி மூன்று வருடக் கணக்கு எதுவும் இல்லை, இரண்டு சோதனைகள்தான் இருக்கின்றன. முந்தைய 10 நிதியாண்டுகளில் 9இல் நீங்கள் வெளிநாட்டுவாசியாக இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால், முந்தைய 7 நிதியாண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் மொத்தம் 729க்கு மிகாமல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தினாலும் ஆர்என்ஓஆர் என்ற இடைநிலை கிடைக்கும். அந்த நிலையில் இருப்பவருக்கு, வெளிநாட்டில் விளைந்து வெளிநாட்டிலேயே கைக்கு வந்த வருமானத்துக்கு இங்கே வரி இல்லை.

உங்களுக்கு 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுகளும் முதல் சோதனையிலேயே தேறிவிட்டன. 2025-26க்கு அந்தச் சோதனை தோற்கிறது, ஏனென்றால் முந்தைய பத்தில் எட்டு ஆண்டுகள்தான் வெளிநாட்டுவாசி. இனி இரண்டாவது சோதனை. 2023 ஜூன் 10 முதல் 2024 மார்ச் 31 வரை 296 நாட்கள். அடுத்த ஆண்டு முழுக்க 365. ஆக 661. எல்லை 729 என்பதால் மிச்சம் இருப்பது 68 நாட்கள்தான். 2018 ஏப்ரலுக்குப் பின் நீங்கள் லீவில் வந்த நாட்கள் இந்த 68க்குள் அடங்க வேண்டும். நான்கு ஆண்டு, ஆண்டுக்கு மூன்று வாரம் என்று குறைத்துப் போட்டாலே 84 ஆகிறது. எனவே 2025 ஏப்ரல் 1 முதல் நீங்கள் முழுக் குடியிருப்பாளர். உலகில் எங்கே வருமானம் வந்தாலும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டியவர். ஆனாலும் பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரைத் தேதிகளை ஒருமுறை எண்ணிவிடுங்கள். வந்து இறங்கிய நாள், கிளம்பிய நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணுவது பாதுகாப்பு. யாருக்காவது அந்த எண்ணிக்கை 68க்குள் நின்றால் ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கும், கீழே சொல்லும் கணக்கெல்லாம் ஓராண்டு தள்ளிப்போகும்.

ஆர்என்ஓஆர் ஆண்டுகளில் எடுத்திருந்தால் தப்பித்திருப்பேனே என்று வருந்த வேண்டாம். இந்திய வரி மட்டும்தான் தப்பியிருக்கும். அமெரிக்க வரியும், வயது ஐம்பத்தொன்பதரைக்கு முன் எடுப்பதற்கான 10 சதவீத அபராத வரியும் அப்போதும் போயிருக்கும்.

இப்போது சிக்கலின் மையத்துக்கு வருவோம். 401(k) கணக்குக்குள் டிவிடெண்ட் விழுந்தாலும், ஒரு ஃபண்டை விற்று இன்னொன்றை வாங்கி லாபம் வந்தாலும் அமெரிக்கா அப்போது வரி கேட்பதில்லை, பணத்தை வெளியே எடுக்கும்போதுதான் கேட்கும். இந்தியச் சட்டம் வருமானம் விளைந்த ஆண்டிலேயே வரி கேட்கிறது. கணக்கு எங்கே பூட்டிக் கிடக்கிறது என்பது அதற்குப் பொருட்டில்லை. இதனால் ஆண்டுதோறும் கையில் வராத பணத்துக்கு இங்கே வரி கட்ட வேண்டியிருந்தது. பின்னால் எடுக்கும்போது அமெரிக்கா தன் வரியை வாங்கிக்கொள்ளும், ஆனால் அந்த ஆண்டில் இந்தியாவில் அந்த வருமானமே இருக்காது என்பதால் அமெரிக்க வரியைக் கழித்துக்கொள்ள வழியும் இருக்காது. இரண்டு நாட்டுக்கும் தனித்தனியாக முழு வரி.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 89ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. அதற்கான விதி 21ஏஏஏ 2022 ஏப்ரலில் வந்தது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளின் ஓய்வுக்காலக் கணக்குகளுக்கு மட்டும் இந்தச் சலுகை. நீங்கள் விருப்பம் தெரிவித்தால், கணக்குக்குள் ஆண்டுதோறும் விளையும் வருமானத்துக்கு அந்தந்த ஆண்டு வரி இல்லை. பணத்தை எடுத்து அமெரிக்கா வரி விதிக்கும் ஆண்டில்தான் இந்தியாவும் வரி விதிக்கும். இரண்டும் ஒரே ஆண்டில் சந்திப்பதால் வரிக் கழிவும் கிடைக்கும்.

விருப்பம் தெரிவிக்கும் படிவம்தான் Form 10-EE. இணையதளத்தில் நுழைந்து e-File பட்டியலில் Income Tax Forms பகுதியில் தேடினால் கிடைக்கும். ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாள் எதுவோ அதுவே இதற்கும் கடைசி நாள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ரிட்டர்னில் 89ஏ கட்டத்தை நிரப்பிவிட்டு, படிவத்தைத் தனியாகப் போட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். படிவம் இல்லாத கழிவை இணையதளம் ஏற்றாலும் அதிகாரி ஏற்க வேண்டியதில்லை. எனவே படிவம் முதலில், ஒப்புகை எண் வந்த பிறகு ரிட்டர்ன். தவறவிட்டால் அந்த ஓராண்டு வருமானத்துக்கு வரி கட்டிவிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து விருப்பம் தெரிவிக்கலாம். 2026-27 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வருகிறது. அதிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது, பிரிவு எண்ணும் படிவ எண்ணும்தான் மாறும். அடுத்த ஆண்டு எண்ணைத் தேடாமல் தலைப்பைத் தேடுங்கள். உங்கள் 2025-26 ரிட்டர்ன் பழைய சட்டத்தின்படிதான்.

ரிட்டர்ன் படிவம் ITR-2. 89ஏ என்பதால் எதையும் காட்டவே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அந்த ஆண்டு விளைந்த வருமானத்தை அதற்கென்று உள்ள கட்டத்தில் காட்டிவிட்டு, அடுத்து 89ஏ கழிவாக அதே தொகையை நீக்க வேண்டும். சம்பள அட்டவணை, பிற வருமான அட்டவணை இரண்டிலும் இதற்கு இடம் இருக்கிறது. ஆடிட்டர் எதில் காட்டுகிறாரோ அதிலேயே எல்லா ஆண்டும் தொடரட்டும்.

எது ‘விளைந்த வருமானம்’ என்ற கேள்வி உடனே எழும். காலாண்டு அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பொதுவாக Dividends என்று ஒரு பதிவும், Change in Market Value என்று இன்னொரு பதிவும் இருக்கும். முதலாவது வருமானம். இரண்டாவது பெரும்பாலும் விற்காத யூனிட்டுகளின் விலை ஏற்ற இறக்கம்தான், அது வருமானமாகாது. நீங்களே ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தால் மட்டும் அதில் கைக்கு வந்த லாபத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். உங்கள் திட்டம் ஓய்வு ஆண்டைப் பெயரில் தாங்கிய கூட்டு டிரஸ்ட் யூனிட்டுகளில் இருந்தால் Dividends என்ற பதிவே இல்லாமலும் போகலாம், ஏனென்றால் அவற்றில் பல டிவிடெண்டைத் தனியாக வழங்காமல் யூனிட் விலைக்குள்ளேயே சேர்த்துவிடும். அப்படியிருந்தால் அந்த ஆண்டு காட்ட வேண்டிய தொகை பூஜ்யம். ஆனாலும் Form 10-EE போட்டுவிடுவது நல்லது.

விருப்பம் தெரிவித்தால் அது ஓராண்டோடு நிற்பதில்லை. அந்த ஆண்டிலிருந்து எல்லா ஆண்டுக்கும் பொருந்தும், திரும்பப் பெற முடியாது. பெரிய கண்ணிவெடி வேறு இடத்தில் இருக்கிறது. விருப்பம் தெரிவித்த பிறகு நீங்கள் மறுபடி வெளிநாட்டு வேலைக்குப் போய் வெளிநாட்டுவாசி ஆகிவிட்டால், விருப்பமே தெரிவிக்கவில்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். உதாரணமாக 2029-30இல் நீங்கள் வெளிநாட்டுவாசி ஆகிறீர்கள் என்று வையுங்கள். 2025-26 முதல் 2028-29 வரை விளைந்த எல்லாம் ஒரே மூட்டையாக 2028-29 வருமானத்தில் ஏறும். அமெரிக்காவில் இன்னும் எடுக்கவே இல்லை என்பதால் கழிக்க அமெரிக்க வரியும் இருக்காது. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நம்பித்தான் 10-EE போடச் சொல்கிறேன். இரண்டு மூன்று ஆண்டில் வளைகுடாவோ சிங்கப்பூரோ போகும் திட்டம் உள்ளவர், குறிப்பாக டிவிடெண்ட் குறைவாக விழும் கணக்கு வைத்திருப்பவர், ஆண்டுதோறும் வரி கட்டிவிட்டுப் போவதே மேல்.

ஐஆர்ஏ கடிதத்துக்கு வருவோம். 401(k)யிலிருந்து ஐஆர்ஏவுக்கு நேரடியாக மாற்றினால் அமெரிக்காவில் வரி இல்லை. அங்கேயே இருப்பவருக்கு அது நல்ல யோசனையாகவும் இருக்கலாம். உங்களுக்கு அது ஆபத்து. 89ஏ சலுகை யாருக்கு என்று பிரிவு சொல்லும் இடத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்தக் கணக்கை, நீங்கள் இந்தியாவில் வெளிநாட்டுவாசியாகவும் அந்த நாட்டில் குடியிருப்பவராகவும் இருந்தபோது திறந்திருக்க வேண்டும். இப்போது இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு திறக்கும் ஐஆர்ஏ இந்த நிபந்தனையில் தோற்கும். பணம் பழையதுதானே என்று வாதாடலாம். சட்டம் பேசுவது கணக்கைப் பற்றி. அங்கே இருந்த காலத்திலேயே ஐஆர்ஏ திறந்து வைத்திருந்தவர் அதற்கு மாற்றினால் இந்தச் சிக்கல் இல்லை. உங்களிடம் அப்படி எதுவும் இல்லையென்றால் கடிதத்தை ஓரமாக வையுங்கள். நிறுவனத்தை விட்டு விலகினாலும், இந்த அளவு இருப்பு உள்ளவரைத் திட்டத்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்ற முடியாது.

கணக்கில் ராத் பகுதி ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். வரி கட்டிய பணத்தைப் போட்டு, எடுக்கும்போது வரி இல்லாமல் எடுக்கும் வகை அது. எடுக்கும்போது அமெரிக்கா வரி விதிக்கும் கணக்குக்குத்தான் 89ஏ பொருந்தும். ராத் அந்த வரையறைக்குள் வராது, அதில் விளைவதை ஆண்டுதோறும் இங்கே காட்டியாக வேண்டும்.

இனி பணத்தை எடுக்கும் விஷயம். உங்கள் இரு நண்பர்களுக்கும் நடுவில்தான் உண்மை இருக்கிறது. வெளிநாட்டவருக்குத் தரும்போது நிர்வாக நிறுவனம் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தரும். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் அதற்கு மேல் 10 சதவீத அபராத வரி. இப்போது மொத்தமாக எடுத்தால் 40 சதவீதம் வரை அமெரிக்காவிலேயே நின்றுவிடும். 1040-NR என்ற அமெரிக்க ரிட்டர்ன் போட்டு, உழைப்புக்காக வந்த பங்குக்குப் படிநிலை விகிதத்தில் கணக்கிட்டு ஒரு பகுதியைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு. ஆனால் இரண்டு லட்சம் டாலரை ஒரே ஆண்டில் எடுத்தால் படிநிலை விகிதமும் மேலே ஏறிவிடும்.

இந்திய–அமெரிக்க இரட்டை வரி ஒப்பந்தத்தின் 20ஆவது பிரிவு இங்கே உதவுகிறது. அதன் முதல் உட்பிரிவின்படி, இந்தியாவில் குடியிருப்பவருக்கு வரும் தனியார் பென்ஷனுக்கு இந்தியா மட்டுமே வரி விதிக்கலாம். ஆனால் பென்ஷன் என்றால், கடந்தகாலப் பணிக்காகக் காலமுறைப்படி வரும் தொகை என்று ஒப்பந்தமே வரையறுக்கிறது. மாதம்தோறும் அல்லது ஆண்டுதோறும் தவணையாக வந்தால் அது பென்ஷன். மொத்தமாக ஒரே தடவை வந்தால் அந்த வரையறைக்குள் வராது, 30 சதவீதம் வெட்டுப்படும். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவருக்கு இந்த உட்பிரிவு உதவாது. கிரீன் கார்டு வராதது இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு லாபம்.

ஒப்பந்தச் சலுகை தானாக வராது, அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் என்று உறுதி கூறும் W-8BEN படிவம் கொடுத்துக் கேட்க வேண்டும். அதில் முகவரி இந்தியா, சோஷியல் செக்யூரிட்டி எண், இரண்டாம் பகுதியில் வசிக்கும் நாடு இந்தியா, ஒப்பந்தப் பிரிவு 20(1), விகிதம் 0, காரணம் காலமுறைப் பென்ஷன் என்று எழுத வேண்டும். கையெழுத்திட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்று காலண்டர் ஆண்டுகள் வரைதான் அது செல்லும், பிறகு புதிதாகக் கொடுக்க வேண்டும். கணக்கில் இன்னும் பழைய அமெரிக்க முகவரியே இருந்தால் உங்களை அமெரிக்கராகவே எண்ணித் தவறான படிவத்தைத் தருவார்கள். அந்தத் தாளை வைத்து இந்தியாவில் வரிக் கழிவு கேட்பது பெரும்பாடு. இப்போதே முகவரியை மாற்றிவிடுங்கள். ஆண்டு முடிவில் உங்களுக்கு வர வேண்டியது, வெளிநாட்டவருக்குத் தந்த தொகையையும் பிடித்த வரியையும் காட்டும் 1042-S. வேறு படிவம் வந்தால் நிர்வாக நிறுவனத்தின் பதிவில் ஏதோ தவறு இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் திட்டம் தவணை முறையில் தருமா என்பதையும் இப்போதே எழுதிக் கேட்டு வாங்குங்கள், எல்லாத் திட்டங்களும் தருவதில்லை.

எண்களோடு ஒரு முறை போட்டுப் பார்ப்போம். 2025 மார்ச் 31 அன்று கணக்கில் 2,00,000 டாலர் இருந்தது என்று வையுங்கள். ஐம்பத்தொன்பதரை வயதுக்குப் பின் ஒரு நாள் அது 2,60,000 ஆகியிருக்கிறது. முதல் இரண்டு லட்சம் நீங்கள் வெளிநாட்டுவாசியாகவும் ஆர்என்ஓஆராகவும் இருந்த காலத்தில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் விளைந்ததற்கு இந்தியாவில் வரி இல்லை என்று விதி 21ஏஏஏ சொல்கிறது. வரிக்குரியது பின்னால் வளர்ந்த 60,000 மட்டும். அந்த ஆண்டு 26,000 டாலர் எடுக்கிறீர்கள். எடுத்ததில் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று பிரிக்கும் வரிசையை விதி சொல்லவில்லை. பழைய பணத்தைத்தான் முதலில் எடுத்தேன் என்று சிலர் எழுதுகிறார்கள். விகிதாசாரம்தான் எதிர்ப்பைத் தாங்கி நிற்கும் என்பது என் கருத்து. 2,60,000இல் 60,000 என்ற விகிதப்படி, 26,000இல் 6,000 வரிக்குரியது, 20,000 வரியற்றது.

மொத்தத் தொகை என்று கருதி அமெரிக்கா 30 சதவீதம் பிடித்தால் 7,800 டாலர் போகும். அதை அப்படியே இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. இந்தியா வரி விதிக்காத பகுதிக்கு அமெரிக்காவில் கட்டிய வரியைக் கழிவுக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. எனவே 6,000 டாலருக்கு உரிய 1,800 மட்டுமே கழிவு. நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால் செஸ் சேர்த்து அந்த 6,000க்கு இந்திய வரி 1,872. 1,800 கழித்து 72 கட்டுவீர்கள். இரு நாட்டுக்கும் சேர்த்து 7,872 போயிற்று. அதே 26,000ஐ ஒப்பந்தப்படி காலமுறைத் தவணையாக, W-8BEN கொடுத்து வாங்கியிருந்தால் அமெரிக்காவில் பூஜ்யம், இந்தியாவில் 1,872. ஓர் ஆண்டில் மட்டும் 6,000 டாலர் வித்தியாசம்.

அமெரிக்காவில் வரி பிடித்த ஆண்டில் கழிவு கேட்க, பழைய சட்டத்தில் Form 67 என்ற எண் கொண்ட படிவத்தைத் தாக்கல் செய்து 1042-Sஐ இணைக்க வேண்டும். டாலரை ரூபாயாக்க ஸ்டேட் வங்கியின் TT buying rate என்ற வாங்கும் விலையைத்தான் எடுக்க வேண்டும், கூகுளில் தெரியும் விலையை எடுக்கக் கூடாது. வரிக் கழிவுக்கு, வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளின் விலை.

தவணையாக வரும் தொகை முழுவதும் பழைய முதலாளியிடமிருந்து வரும் பென்ஷன், எனவே 26,000க்கும் வரி கட்டு என்று ஓர் அதிகாரி கேட்க இடம் இருக்கிறது. அப்போது உங்களைக் காப்பாற்றுவது 2025 மார்ச் 31 தேதியிட்ட அந்தக் காலாண்டு அறிக்கை. அமெரிக்கக் காலாண்டும் நம் நிதியாண்டும் அந்த நாளில் ஒன்றாக முடிவது ஒரு வசதி. அதை இன்றே பதிவிறக்கி வையுங்கள். கணக்கு திறந்த தேதி தெரியும் தாள், ஆண்டுவாரியாக நீங்களும் நிறுவனமும் போட்ட தொகை, பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்கள், ஆர்என்ஓஆர் என்று குறிப்பிட்டுப் போட்ட இரண்டு ரிட்டர்ன்கள் ஆகியவையும் அதனோடு இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தேடினால் நிர்வாக நிறுவனமே கைமாறியிருக்கும், பழைய அறிக்கைகள் இணையத்தில் இருக்காது.

சோஷியல் செக்யூரிட்டி தொகை இதிலிருந்து வேறு. 17 ஆண்டு உழைத்த உங்களுக்கு அதுவும் பின்னால் வரலாம். ஒப்பந்தத்தின் 20(2)படி அதற்கு அமெரிக்கா மட்டுமே வரி விதிக்கும். அதை 401(k)யோடு கலந்து காட்டாதீர்கள்.

ஒரு பைசா எடுக்காவிட்டாலும் இந்த ஆண்டிலிருந்து கட்டாயமாவது வெளிநாட்டுச் சொத்து அட்டவணை, ITR-2இல் Schedule FA. ஆர்என்ஓஆராக இருந்தவரை அது உங்களுக்கு இல்லை, இப்போது உண்டு. இது நிதியாண்டைப் பார்ப்பதில்லை. இந்த ரிட்டர்னில் 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நிலையைக் காட்ட வேண்டும்: ஆண்டுக்குள் இருந்த அதிகபட்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு, கணக்கில் வரவான தொகை. 401(k)யைப் பலரும் கஸ்டோடியல் கணக்குகளுக்கான A2 பகுதியில் காட்டுகிறார்கள். அங்கே திறந்த வங்கிக் கணக்கு இன்னும் இருந்தால் அது A1 பகுதியில் தனியாக வரும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கிறது. வரியே வராத சொத்துக்கும் அது பொருந்தும். மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்குள் அடங்கும் அசையாச் சொத்தல்லாத சொத்துகளுக்கு 2024 அக்டோபர் முதல் விலக்கு உண்டு, உங்கள் இருப்பு அதைப் பல மடங்கு தாண்டுகிறது.

எடுக்காதீர்கள் என்று சொன்னதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே வசிப்பவராகவோ இல்லாத ஒருவர் இறந்தால், அமெரிக்காவில் உள்ள அவரது சொத்தில் 60,000 டாலருக்கு மேற்பட்டதற்கு அங்கே எஸ்டேட் வரி உண்டு, 40 சதவீதம் வரை. 401(k) அமெரிக்கச் சொத்தாகவே கருதப்படும். இதற்கு இந்தியாவோடு ஒப்பந்தம் எதுவும் இல்லை. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத மனைவிக்குப் போனாலும் வழக்கமான விலக்கு கிடைக்காது. எனவே ஐம்பத்தொன்பதரை தாண்டியதும் தவணையைத் தொடங்கிவிடுங்கள். 75 வயதில் கட்டாயமாக எடுக்கச் சொல்லும் வரை காத்திருப்பதில் உங்களுக்கு லாபமில்லை. அதுவரை குடும்பத்துக்கான பாதுகாப்புக்கு இங்கே ஒரு டெர்ம் காப்பீடு இந்த அபாயத்தைப் பெருமளவு ஈடுகட்டும். நியமனதாரர் பெயர் பதிவில் இருக்கிறதா, மனைவியின் பெயர் அவரது பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, கணக்கில் நுழைய ஓடிபி போகும் அமெரிக்கக் கைப்பேசி எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா? அது போய்விட்டால் மேலே சொன்ன முகவரி மாற்றம், அறிக்கைப் பதிவிறக்கம், W-8BEN எல்லாமே தொலைபேசியில் காத்திருந்து அடையாளம் நிரூபிக்கும் வேலையாகிவிடும். முதல் வேலையாக அந்த எண்ணுக்குப் பதில் மின்னஞ்சல் சரிபார்ப்பையோ அங்கீகாரச் செயலியையோ அமைத்துவிட்டு, பிறகு மார்ச் 31 அறிக்கையைத் தேடுங்கள்.